"பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள்

(திருப்பூரில் பின்னலாடை நிறுவன அலுவலக ஊழியர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பள உயர்வு கேட்டு முதலாளிக்கு எப்படி எழுதுவது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். பின்னலாடை நிறுவனங்களின் நிர்வாகப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட செய்திகள் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்திருந்தவன். நன்றாக வேலை செய்கிற பிள்ளைகள் மோசமாக எழுதிய ஒரு செய்தியால் வெறுங்கையோடு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது.

பொதுவாகப் பேசினால் பயன் இருக்காது. ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதைத் திருத்தி எழுதிப் பார்ப்போம். ஒரு மெர்ச்சண்டைசரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரமான ஏற்றுமதி நிறுவனம். சேர்ந்து நான்கு ஆண்டு ஆகிறது. மாதச் சம்பளம் 28,000 ரூபாய். மார்ச் மாதம் ஒரு நாள் இரவு, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார்:

"சார் வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான் நாலு வருசமா இங்க வேலை செய்யறேன். எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் என்னைவிட அதிகமா சம்பளம் குடுக்கறீங்க. வீட்டு வாடகை ஏத்திட்டாங்க, பையனை ஸ்கூல்ல சேர்க்கணும், விலைவாசி உங்களுக்கே தெரியும். இந்தச் சம்பளத்துல சமாளிக்க முடியல. வேற கம்பெனிலயும் கூப்பிடறாங்க, எனக்குத்தான் போக மனசு இல்ல. நீங்களே பார்த்து ஏதாச்சும் பண்ணுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. மரியாதைக் குறைவான சொல்லும் இல்லை. ஆனாலும் இந்தச் செய்திக்கு நல்ல பதில் வராது. ஏன் என்று வரிவரியாகப் பார்ப்போம்.

முதலில், இதில் தொகை இல்லை. "நீங்களே பார்த்து ஏதாச்சும் பண்ணுங்க" என்றால் எவ்வளவு? ஆயிரம் ரூபாய் போட்டாலும் ஏதோ செய்தாகிவிட்டது. ஐயாயிரம் எதிர்பார்த்தவர் ஆயிரத்தைக் கண்டு மனம் உடைவார். கொடுத்தவரோ, கேட்டதைச் செய்தும் முகம் கொடுக்கவில்லையே என்று நினைப்பார். இந்த மெர்ச்சண்டைசர் தினமும் பையருக்கு விலை சொல்லி எழுதுகிறவர். நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் என்று காஸ்டிங் ஷீட் போட்டு, ஒரு பீஸுக்கு இத்தனை என்று சொல்கிறார். "நீங்களே பார்த்து ஒரு விலை போட்டுக்கொள்ளுங்கள்" என்று எந்தப் பையருக்காவது எழுதியிருப்பாரா? கம்பெனிக்காக அவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரிந்தவர், தனக்காகக் கேட்கும்போதும் அதே தெளிவோடு கேட்கலாம். அதில் தவறே இல்லை.

இரண்டாவது, காரணங்கள். வாடகை, பள்ளிக்கூடம், விலைவாசி. எல்லாம் உண்மையான கஷ்டங்கள். ஆனால் கஷ்டத்தைச் சொன்னால் நம் ஊர் முதலாளி என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். "அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா? அக்கவுன்ட்ஸ்ல சொல்லி இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்க" என்பார். அன்பாகத்தான் சொல்வார். வாங்கியவருக்கு அடுத்த மாதத்திலிருந்து இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் பிடிப்பார்கள். உயர்வு கேட்டவரின் கைக்கு முன்பைவிடக் குறைவாக வரும். அட்வான்ஸ் தீரும்வரை மறுபடி கேட்க வாயும் வராது. கஷ்டத்துக்குப் பதில் உதவி. வேலைக்குப் பதில்தான் சம்பளம். எதைக் காரணமாக எழுதுகிறீர்களோ, அதற்கான பதில்தான் வரும்.

மூன்றாவது, "எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கு அதிகமா" என்ற வரி. இதைப் படித்தவுடன் முதலாளியின் மனம் உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு, இந்த விவரம் வெளியே எப்படிப் போனது என்பதற்குத் தாவிவிடும். சம்பளத்தை உங்களிடம் நம்பிச் சொன்ன நண்பர் மாட்டிக்கொள்வார். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நீங்கள் எழுதுவது ஒருவரோடு நிற்காது. முதலாளி அதை அப்படியே ஜி.எம்.முக்கு அனுப்புவார். அவர் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புவார். யார் கையில் போனாலும் யாருக்கும் தீங்கு வராதபடியும், யார் படித்தாலும் விஷயம் புரியும்படியும் அது இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே வேலைக்கு, ஆண் என்பதால் ஒருவருக்குக் கூடவும், பெண் என்பதால் உங்களுக்குக் குறைவாகவும் கொடுத்தால், ஒப்பிட்டுக் கேட்பது உங்கள் உரிமை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதேபோல, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது, பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் இருப்பது போன்றவையும் பேரம் பேசும் விஷயங்கள் ஆகா. அங்கே வேண்டுகோள் எழுதக்கூடாது. முறையாகப் புகார்தான் எழுத வேண்டும்.

நான்காவது, "வேற கம்பெனிலயும் கூப்பிடறாங்க". எந்தக் கம்பெனி, எவ்வளவு, எப்போது? எதுவும் இல்லாத இந்த வரியை மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கையில் உறுதியான வாய்ப்பு இல்லாவிட்டால் இதை எழுதவே வேண்டாம். இருந்தால் நேராகச் சொல்லலாம்: "வேறொரு நிறுவனத்தில் ரூ.33,000 சம்பளத்துக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. இங்கேயே தொடர விரும்புவதால் முதலில் உங்களிடம் சொல்கிறேன்." ஆனால் "சரி, போய்ட்டு வாங்க" என்று அவர் சொன்னால் போகத் தயாராக இருப்பவர் மட்டும் இதை எழுதலாம்.

கடைசியாக, தொடக்கத்தில் ஒரு மன்னிப்பு, முடிவில் ஒரு "தப்பா எடுத்துக்காதீங்க". தப்பு ஏதும் செய்யாதவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டால், கேட்டதே தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். "வணக்கம் சார்" போதும். இறுதியில் "நன்றி" போதும். படிப்பவரின் நேரத்தை மதித்துச் சுருக்கமாக எழுதுவதும், முடிவெடுக்கத் தேவையான விவரத்தை அவர் தேடாமல் கையில் கொடுப்பதும், மற்றவரைக் குறை சொல்லாமல் இருப்பதும்தான் மரியாதை.

இனி திருத்தி எழுத வேண்டும். அதற்கு முன் நம் மெர்ச்சண்டைசருக்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, தன் வேலையைக் கணக்கெடுப்பது. அவரிடம் எல்லாப் பதிவும் இருக்கிறது. மெயில் இருக்கிறது, ஆர்டர் பட்டியல் இருக்கிறது, சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை தேதி குறித்த டி.என்.ஏ. அட்டவணை இருக்கிறது. ஓர் இரவு உட்கார்ந்தால் ஒரு வருடத்தைத் திரும்பப் பார்த்துவிடலாம். பார்க்கிறார். சேரும்போது அவரிடம் ஒரு பையர்தான். போன வருடம் ஒரு மெர்ச்சண்டைசர் விலகியபோது, அவர் பார்த்த ஜெர்மனி பையரையும் இவரிடமே கொடுத்தார்கள். இப்போது மூன்று பையர். நிதியாண்டில் 36 ஷிப்மென்ட். 34 குறித்த தேதியில் போயிருக்கின்றன. இரண்டுக்கு, சாயப்பட்டறையில் தாமதம் ஆனதால், முன்கூட்டியே பையரிடம் பேசித் தேதி நீட்டிப்பு வாங்கியிருக்கிறார். ஒன்றுகூட நம் செலவில் விமானத்தில் போகவில்லை.

இந்தக் கடைசி விவரத்தின் எடை உங்களுக்குத் தெரியும். 5,000 டி-ஷர்ட், ஒன்று 150 கிராம் என்றால் 750 கிலோ. கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேர்ந்து, கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 1,87,500 ரூபாய். மாதம் ஆறாயிரம் உயர்த்திக் கொடுத்தால் கம்பெனிக்கு வருடத்துக்கு 72,000 ரூபாய்தான் செலவு. ஒரே ஒரு ஷிப்மென்ட் விமானத்துக்குப் போகாமல் காத்தவர், இரண்டு வருட உயர்வுக்கும் மேலான பணத்தை ஏற்கெனவே மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டார். இந்தப் பெருக்கலைச் செய்தியில் எழுத வேண்டாம். எழுதினால் குத்திக்காட்டுவது போல இருக்கும். "விமானத்தில் போகவில்லை" என்ற தகவல் மட்டும் போதும். மீதியை முதலாளி தன் மனத்திலேயே போட்டுப் பார்த்துவிடுவார். அந்தக் கணக்கு அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாவது வேலை, தொகையை முடிவு செய்வது. இதே பொறுப்பில் வேறு நிறுவனங்களில் இருக்கும் நான்கைந்து பேரிடம் விசாரிக்கிறார். 32,000 முதல் 38,000 வரை என்று தெரிகிறது. தான் கேட்க 34,000 என்று முடிவு செய்கிறார். இதற்குக் கீழே இறங்கினால் வேறு வேலை தேட வேண்டியதுதான் என்ற எல்லையை 31,500 என்று குறித்துக்கொள்கிறார். இரண்டாவது எண் அவர் மனத்தில் மட்டும் இருக்கட்டும். செய்தியில் கேட்கும் தொகை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். "32-லிருந்து 36 வரைக்கும்" என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் 32 மட்டும்தான் தங்கும்.

அந்தத் தொகை எது என்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். பல நிறுவனங்கள் பி.எஃப். தொகையை 15,000 ரூபாய் வரம்பில் கணக்கிடுகின்றன. அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், ஊழியரிடம் பிடிக்கிறார்கள்; நிறுவனமும் அதே அளவு போடுகிறது. "34,000 சரி" என்று தலையாட்டிவிட்டு, நிறுவனம் போடும் 1,800-ஐயும் அதற்குள்ளேயே அடக்கினால், உண்மையில் சம்பளம் 32,200 ஆகிவிடும். அதிலிருந்து ஊழியர் பங்கு போனால் கைக்கு 30,400. "பிடித்தத்துக்கு முன் மாதச் சம்பளம் 34,000" என்று எழுதியிருந்தால் கைக்கு 32,200 வரும். மாதம் 1,800 வித்தியாசம். தீபாவளி போனஸைப் பன்னிரண்டால் வகுத்து உள்ளே சேர்க்கிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆகவே போனஸ் தனி என்றும் ஒரு வார்த்தை எழுதிவிட வேண்டும்.

சம்பளம் 21,000-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. இருபதாயிரம் வாங்குகிறவருக்கு 21,500 ஆனால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும், அதாவது செப்டம்பர் கடைசியிலோ மார்ச் கடைசியிலோ, இ.எஸ்.ஐ. நின்றுவிடும். குடும்பத்துக்கே இருந்த மருத்துவப் பாதுகாப்பு போய்விடும். வீட்டில் தொடர்ந்து மருத்துவம் பார்க்க வேண்டியவர் இருந்தால், இந்த ஆயிரத்து ஐந்நூறு உங்களுக்கு நஷ்டம். அவர்கள் வரம்பைத் தாண்டி நன்றாக உயர்த்திக் கேட்க வேண்டும், அல்லது உயர்வோடு மருத்துவக் காப்பீடும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த இரண்டு வேலையும் முடிந்தபின் அவர் எழுதும் செய்தி இது:

"வணக்கம் சார். என் சம்பளம் பற்றி ஒரு வேண்டுகோள்.

இப்போது என் மாதச் சம்பளம் ரூ.28,000. ஏப்ரல் மாதத்திலிருந்து அதை ரூ.34,000 ஆக (பி.எஃப். பிடித்தத்துக்கு முன், போனஸ் தனி) உயர்த்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காரணங்கள்:

1. சேர்ந்தபோது ஒரு பையரைப் பார்த்தேன். இப்போது மூன்று பையர்களைப் பார்க்கிறேன். போன வருடம் என்னிடம் கொடுத்த ஜெர்மனி பையரும் இதில் சேர்த்தி.

2. இந்த நிதியாண்டில் என் பொறுப்பில் 36 ஷிப்மென்ட் போனது. 34 குறித்த தேதியில் போனது. இரண்டுக்குப் பையரிடம் முன்கூட்டியே பேசித் தேதி நீட்டிப்பு வாங்கினேன். எதுவும் நம் செலவில் விமானத்தில் போகவில்லை.

3. இதே பொறுப்புக்கு நம் ஊரில் ரூ.32,000 முதல் ரூ.38,000 வரை கொடுக்கிறார்கள் என்று விசாரித்ததில் தெரிகிறது.

ஜெர்மனி பையரை என்னை நம்பிக் கொடுத்தீர்கள். அதில் நிறையக் கற்றுக்கொண்டேன், நன்றி. வரும் சீசனையும் இங்கேயே நன்றாகச் செய்ய விரும்புகிறேன். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் நேரில் பேச அனுமதி வேண்டும் சார்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் செய்தியைப் படித்தவர் அந்தத் தம்பியின் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டார். என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டாவதைப் படித்தவருக்கு என்ன கேட்கிறார், எதனால், எப்போதிலிருந்து, அடுத்து என்ன என்று நான்கும் தெரியும். கைபேசியில் பெரிதாக உருட்டாமல் படித்துவிடலாம். அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பினால் அவர்கள் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை. நன்றி சொன்னதும் பொத்தாம்பொதுவாக இல்லை. எதற்கு நன்றி என்று சொல்கிறது.

எழுதியதை எப்படி அனுப்புவது என்பதும் முக்கியம். வாய்ஸ் மெசேஜாக வேண்டாம். அதை மறுபடி போட்டுக் கேட்டு யாரும் எண்களைக் குறிக்கமாட்டார்கள். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவரைத் தாண்டிப் போனால், "அந்தப் பையன் எப்படி?" என்று முதலாளி கேட்கும்போது உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது. சனிக்கிழமை அனுப்பாதீர்கள். வாரக் கூலி பட்டுவாடா நடக்கிற நாளில், பணம் வெளியே போவதையே முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார். பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கும்போதும் வேண்டாம். ஒரு ஷிப்மென்ட் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த மறுநாள் அனுப்புங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த நிறுவனங்கள் அப்போது என்ன பாடு பட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பணம் வராது. பணம் இல்லாத இடத்தில், பணம் இல்லாததைக் கேட்கலாம்: சீனியர் மெர்ச்சண்டைசர் என்று பதவிப் பெயர், ஆறு மாதம் கழித்துச் சம்பளத்தை மறுபடி பார்ப்பதாக எழுத்தில் ஒரு தேதி. இவை இரண்டுமே பின்னால் பணமாக மாறக்கூடியவை.

சரி, முதலாளி கூப்பிட்டுப் பேசுகிறார். "முப்பத்திநாலு முடியாதுப்பா, முப்பதுன்னா பண்ணலாம்" என்கிறார். உடனே தலையாட்டவும் வேண்டாம், முகத்தைத் தொங்கப்போடவும் வேண்டாம். "சார், மூணு பையருக்கு முப்பது குறைவு. ஏப்ரல்ல முப்பத்திரண்டு ஐந்நூறு போட்டுட்டு, மீதியை அக்டோபர்ல பார்க்கலாமா சார்?" என்று கேட்கலாம். இந்த இரண்டாம் வழியை முதல் செய்தியிலேயே எழுதிவிட்டால், பேச்சு அங்கிருந்துதான் கீழே இறங்கத் தொடங்கும். அதனால் அதை நேரில் பேசுவதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

"பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால், அதை மறுப்பு என்றும் நினைக்காதீர்கள், சம்மதம் என்றும் நினைக்காதீர்கள். அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார். 28ஆம் தேதி காலையில் வந்து பார்க்கிறேன்." சொன்ன தேதியில் போய் நில்லுங்கள்.

சம்மதித்துவிட்டால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். வாயால் சொன்னதை அன்று மாலைக்குள் எழுத்தில் கொண்டுவர வேண்டும். "வணக்கம் சார். இன்று பேசியபடி ஏப்ரல் முதல் என் மாதச் சம்பளம் ரூ.32,500 (பிடித்தத்துக்கு முன், போனஸ் தனி). அக்டோபரில் ரூ.34,000 ஆக்குவது பற்றி மறுபடி பார்ப்பதாகச் சொன்னீர்கள். மிக்க நன்றி சார்." இதில் சந்தேகப்படும் தொனி எங்கும் இல்லை. ஆனால் அக்டோபரில் "நான் எப்பப்பா சொன்னேன்?" என்ற கேள்வி எழ இடமும் இல்லை. நூறு வேலைக்கு நடுவில் முதலாளி உண்மையிலேயே மறந்துபோகலாம். அவருக்கும் இது ஒரு குறிப்பாகப் பயன்படும்.

இத்தனையும் செய்து மறுத்துவிட்டால்? மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தெளிவாகக் கேட்டதற்கு வந்த மறுப்பு என்பதால், இனி இங்கே இருப்பதா, வேறு இடம் பார்ப்பதா என்று நீங்களும் தெளிவாக முடிவெடுக்கலாம். "பார்த்து ஏதாச்சும் பண்ணுங்க" என்று கேட்டுவிட்டு வருடக்கணக்கில் மனத்துக்குள் புழுங்குகிறவருக்கு அந்த முடிவை எடுக்கக்கூட வழி இல்லை.

நண்பர்களே, பையருக்காக, கம்பெனிக்காக, ஒவ்வொரு காசுக்கும் காரணம் சொல்லி எழுதுகிறவர்கள் நீங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்து, இந்த ஒரு வருடத்தில் உங்கள் பொறுப்பில் எது கூடியது, எத்தனை ஆர்டர் தேதிக்குப் போனது, கம்பெனிக்கு வர இருந்த எந்த நஷ்டத்தைத் தடுத்தீர்கள் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். அந்த மூன்று வரி கையில் இருந்தால், தலை குனியாமலும் குரல் உயராமலும் கேட்க முடியும். தொகையைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, மரியாதையோடு கேளுங்கள்.